என்சிபி பத்தி கேளுங்க: ஒரு க்ளெய்ம் போட்டா எவ்ளோ போகும், ப்ரொடெக்ட் எடுத்தா எது மிஞ்சும்

பதினேழு வருஷமா கார் ஒர்க்‌ஷாப்ல இன்சூரன்ஸ் டெஸ்க்தான் என் இடம். ரெனியூவல் சீசன்ல எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க, அதான் இங்கயே கேளுங்கன்னு சொன்னேன். வந்த கேள்வி முக்கால்வாசி கார் பத்திதான், அதையே பேசுவோம். என்சிபின்னா க்ளெய்ம் போடாம இருந்ததுக்கு ரெனியூவல்ல குடுக்கற தள்ளுபடி, ப்ரொடெக்ட்ன்னா அந்தத் தள்ளுபடிய காப்பாத்த தனியா காசு குடுத்து எடுக்கறது.

"அண்ணே, பின் பம்பர் விரிசல் விட்டுருச்சு, பில் 9,500 சொல்றாங்க, எனக்கு 50% என்சிபி இருக்கு. க்ளெய்ம் போடலாமா?" (திருப்பூர், 1200 சிசி கார்)

போடாதீங்க தம்பி. முதல்ல உங்க கைக்கு என்ன வரும்னு பாப்போம். 9,500ல பம்பர் மட்டும் 6,000, அது பிளாஸ்டிக், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இல்லேன்னா பாதி கழிச்சிருவாங்க, 3,000 போச்சு. உங்க காருக்கு கட்டாயக் கழிவு 1,000. பெயிண்ட் மெட்டீரியல்ல ஒரு நானூத்திச் சொச்சம். ஆக கைக்கு வர்றது 5,000 தான்.

இப்ப போறது என்னன்னு பாருங்க. நம்ம ஊர்ல ஒரு ஓடி க்ளெய்ம், அதாவது உங்க சொந்த வண்டி சேதத்துக்கு க்ளெய்ம், போட்டா என்சிபி ஒரு படி இறங்காது, நேரா பூஜ்யம். அப்புறம் மறுபடி 20, 25, 35, 45, 50னு ஏறணும். க்ளெய்ம் போடாம இருந்தா அந்த அஞ்சு ரெனியூவலும் 50லயே நின்னுருப்பீங்க. போட்டா முதல் வருஷம் 50 போச்சு, அடுத்து 30, அப்புறம் 25, 15, கடைசியா 5. கூட்டுங்க, 125 வருது. அதாவது உங்க ஒரு வருஷ ஓடி பிரீமியத்துல ஒண்ணேகால் பங்கு. என்சிபி கழிக்கறதுக்கு முன்னாடி ஓடி 12,000ன்னா 15,000. வருஷா வருஷம் ஐடிவி, அதாவது வண்டிக்கு பாலிசில போடற மதிப்பு, குறையுறதால நெஜத்துல 13,000 சொச்சம்னு வைங்க, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. 5,000 வாங்க 13,000 குடுக்கறீங்க.

ஒண்ணு மட்டும், நடுவுல எப்படியும் பெரிய க்ளெய்ம் ஒண்ணு வந்துருச்சுன்னா இந்தக் கணக்கு அங்கயே நின்னுரும். ஆனா முதல் வருஷ 6,000 மட்டுமே உங்க 5,000த்த தாண்டிருது.

"அண்ணே, நான் போன வருஷம்தான் புது கார் எடுத்தேன், எனக்கும் இதே கணக்கா?"

இல்ல, உங்களுக்கு நஷ்டம் கம்மி. நீங்க இப்பதான் முதல் 20க்கு போகப்போறீங்க, இப்ப க்ளெய்ம் போட்டா 20, 5, 10, 10, 5ன்னு மொத்தம் 50 தான் போகும், பாதி வருஷ ஓடி. மேல ஏற ஏறத்தான் விழுற அடி பெருசு.

"10,000க்கு கீழ சின்ன க்ளெய்ம்னா என்சிபி போகாதுன்னு ஏஜென்ட் சொன்னாரே சார்?"

அப்படி ஒரு தொகை வரம்பு கிடையாது சார். ஓடில 2,000 ரூபாய் வாங்கினாலும் போச்சுதான். அவர் பாதி சரி, சில பாலிசில கண்ணாடிக்கு மட்டும் தனியா விலக்கு இருக்கும், அத கேட்டுட்டு சொல்லிருப்பாரு. இன்னொண்ணு, நீங்க இடிச்சு எதிராளி போட்ட தேர்ட் பார்ட்டி கேஸ் மட்டும்னா என்சிபி போகாது, ஏன்னா என்சிபியே ஓடி பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடிதான், தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல அது ஒரு ரூபாய் கூட குறையாது.

"என்சிபி ப்ரொடெக்ட் 900 ரூபாய்ங்கறாங்க. போட்டா க்ளெய்ம் போட்டாலும் பிரீமியம் ஏறாதுல்ல?" (மதுரை)

இங்கதான் நெறைய பேர் ஏமாந்துர்றாங்க மேடம். அது காப்பாத்தறது உங்க பர்சென்ட்ட. பிரீமியத்த இல்ல. ஓடி ரேட் கம்பெனி கையில இருக்கு, க்ளெய்ம் வந்த வண்டிக்கு அடுத்த வருஷம் ரேட்ட ஏத்தலாம், அந்த ஏத்தின ரேட்டுல 50% கழிச்சுக் குடுப்பாங்க. 50% அப்படியே இருக்குன்னு அவங்க சொல்றது உண்மைதான்.

போன வருஷம் எங்க டெஸ்க்குக்கு ஒருத்தர் ரெண்டு பாலிசியும் தூக்கிட்டு வந்தாரு, ப்ரொடெக்ட் இருந்தும் எப்படி ஏறுச்சுன்னு கோபம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு "Basic OD" வரிய மட்டும் பாத்தோம். பழசுல 11,200, கீழ என்சிபி கழிவு 5,600. புதுசுல 14,600, கழிவு 7,300. ஐடிவி குறைஞ்சிருக்கு, ஓடி ஏறிருக்கு. உங்க ரெனியூவல் நோட்டீஸ்லயும் அந்த ஒரு வரிய, என்சிபி கழிக்கறதுக்கு முன்னாடி இருக்கற தொகைய, போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ஆனாலும் அவருக்கு லாபம்தான், ப்ரொடெக்ட் இல்லேன்னா 14,600 முழுசா கட்டிருப்பாரு.

அதனால நீங்க 45, 50ல இருந்தா, டிராஃபிக்ல தினமும் ஓட்டறீங்கன்னா 900 குடுக்கலாம்னுதான் நான் சொல்வேன். வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயத்த பாலிசி வார்த்தைல படிங்க: வருஷத்துக்கு எத்தன க்ளெய்ம் வரைக்கும், மொத்தமா போன வண்டிக்கும் திருட்டுக்கும் உண்டா, இருக்கற பர்சென்ட் அப்படியே நிக்குமா இல்ல அடுத்த படிக்கு ஏறுமா. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

"ப்ரொடெக்ட் வெச்சு க்ளெய்ம் போட்டேன், இப்ப வேற கம்பெனில கம்மி ரேட். அங்க 50% போட்டுக்கலாமா?"

பெரும்பாலும் முடியாது, போட்டுறாதீங்க. அந்தப் பாதுகாப்பு குடுத்த கம்பெனியோட ஒப்பந்தம், அங்கயே ரெனியூ பண்ணாத்தான் செல்லும். புது கம்பெனி போன வருஷம் க்ளெய்ம் உண்டான்னு உங்ககிட்ட எழுதி வாங்கும், நீங்க இல்லேன்னு டிக் பண்ணி, பின்னாடி தெரிஞ்சா, அந்த வருஷம் வர்ற ஓடி க்ளெய்ம நிறுத்திருவாங்க. ஆன்லைன்ல அவசரத்துல அந்த டிக்க தட்டிட்டு ரெண்டு லட்சம் பில்லோட நின்ன குடும்பத்த நான் பாத்துருக்கேன், இன்னும் மனசுல நிக்குது.

"எங்க ஹெல்த் பாலிசில க்ளெய்ம் போட்டோம், போனஸ் முழுசா போகலயே, கொஞ்சம்தான் குறைஞ்சுது?"

அது வேற போனஸ், அக்கா. அங்க பெரும்பாலும் ஏறுறது காப்பீட்டுத் தொகை, பிரீமியத் தள்ளுபடி இல்ல, க்ளெய்ம் போட்டா அனேகமா ஏறின மாதிரியே படியாதான் இறங்கும். கார்ல அந்த இரக்கம் கிடையாது.

"கார வித்துட்டேன், என்சிபி வாங்குனவருக்குப் போயிருமா?"

போகாது, அது உங்களோடது, வண்டியோடது இல்ல. கம்பெனில சொல்லி என்சிபி ரிடென்ஷன் லெட்டர் வாங்கிக்கோங்க, 3 வருஷத்துக்குள்ள புது காருக்கு போட்டுக்கலாம். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டி ரெனியூ பண்ணாம விட்டா மட்டும் எல்லாம் போச்சு, அதுல எந்த ப்ரொடெக்டும் உதவாது.

"க்ளெய்ம் இன்டிமேட் பண்ணிட்டு அப்புறம் வேணாம்னு வாபஸ் வாங்கிட்டேன், இப்ப என்சிபி பூஜ்யம்னு வருது!" (சேலம்)

பணம் வாங்கலேன்னா பெரும்பாலும் திருப்பிக் குடுப்பாங்க, ஆனா ஒரே மாதிரி நடக்கறதில்ல. வாபஸ் கடிதமும், ஃபைல் பேமெண்ட் இல்லாம மூடினதுக்கு ஆதாரமும் மெயில்ல வாங்கிட்டு ரெனியூவல் தேதிக்கு முன்னாடியே கேளுங்க.

"எனக்கு வாபஸ் வாங்கியும் குடுக்கல அண்ணே, சர்வேயர் வந்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லிட்டாங்க." (அதுக்கு கீழயே இன்னொருத்தர்)

அந்த ஃபைல் எப்படி மூடினாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்குனீங்களா? அது கையில இருந்தா இங்க போடுங்க, பாப்போம்.