தொட்டியிலிருந்து போன தண்ணீர் எங்கே?

"எங்கள் நகராட்சியில் விடும் தண்ணீரில் பாதிக்குக்கூட பணம் வருவதில்லை. தினம் 3 மணி நேரம்தான் விநியோகம், வீட்டுக்கு மாதம் 150 ரூபாய். எல்லா வீட்டுக்கும் மீட்டர் போடுவதா, குழாய்க் கசிவை அடைப்பதா? ஒன்றுக்குத்தான் நிதி இருக்கிறது." – ஒரு வார்டு உறுப்பினர்

இரண்டுக்கும் முன்னால், ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டியை எடுத்து ஓர் இரவு சோதனை செய்யுங்கள். அளவுகோல் ஒட்டிய ஒரு கம்பியும், வால்வு திறக்கும் ஊழியர்கள் இரண்டு பேரும் போதும்.

பில் போட்டும் வசூலாகாத தொகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நிலுவை. வருவாய் தராத நீர் என்பது பில்லுக்கே வராத தண்ணீர். இரண்டையும் கலந்தால் 'பாதி போகிறது' என்ற பேச்சு கிளம்பிவிடும். தொட்டிக்கு ஏறும் நீரையும் மோட்டார் ஓடிய மணியை வைத்துச் சொல்லாதீர்கள். தேய்ந்த பம்ப் தன் தகட்டில் பொறித்த அளவுக்கு ஏற்றாது. வெளிவழி வால்வை மூடிவிட்டு, 15 நிமிடத்தில் மட்டம் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

சோதனைக்கு, 2 லட்சம் லிட்டர் கொள்ளும் 8 மீட்டர் விட்டமுள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். மட்டம் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 500 லிட்டர். அந்தப் பகுதியைப் பக்கத்துப் பகுதிகளோடு இணைக்கும் வால்வுகளை மூடுங்கள். மாலையிலிருந்து விடாமல் தண்ணீர் விட்டு, வீட்டுச் சம்ப்புகள் நிரம்பி மிதவை வால்வுகள் அடைபடட்டும். இரவு 1 மணிக்குத் தொட்டியின் உள்வழி, வெளிவழி இரண்டையும் அடைத்து அரை மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் தொட்டியே ஒழுகுகிறது, ஏறினால் உள்வழி வால்வு சரியாக அடைபடவில்லை. அசையாவிட்டால், வெளிவழியைத் திறந்து 2 மணி முதல் 4 மணி வரை அளவெடுங்கள். மிதவை வால்வே இல்லாத சம்ப் நிரம்பி வழிந்தால் அதுவும் கசிவாகக் கணக்கில் ஏறும். அதற்காக ஒருவர் தெருச் சுற்றி வர வேண்டும்.

2 மணி நேரத்தில் 50 செ.மீ. இறங்கியது என்றால் 25,000 லிட்டர், அதாவது மணிக்கு 12,500. அந்த நேரத்து வீட்டு உபயோகத்துக்கு 500 இணைப்புக்கு மணிக்கு 1,000 லிட்டர் கழித்தால், கசிவு 11,500. தினம் 3 மணி நேரத்துக்கு 34,500 லிட்டர். பகலில் எல்லோரும் பிடிக்கும்போது அழுத்தம் குறைவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். தினம் விடுவது 3 லட்சம் லிட்டர் என்றால், கசிவு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் இதே குழாயில் 24 மணி நேர விநியோகம் தொடங்கினால் தினம் 2,76,000 லிட்டர் வரை மண்ணுக்குள் போகும். புதுத் திட்டத்தில் அந்த யோசனை இருந்தால், கசிவை அடைக்காமல் தொடவே தொடாதீர்கள்.

கசிவு எந்தத் தெருவில் என்று அறிய, அதே இரவில் தெரு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் மட்டம் இறங்கும் வேகம் சட்டெனக் குறைகிறதோ, அந்தத் தெருதான். பெரும்பாலும் பெரிய குழாய் உடைந்திருக்காது. வீட்டு இணைப்பு தொடங்கும் ஃபெரூல், அல்லது சாக்கடைக்கு அடியில் போகும் துருப்பிடித்த ஜி.ஐ. குழாய்தான் காரணமாக இருக்கும். ஒழுகும் நீர் சாக்கடையிலேயே கலப்பதால் சாலையில் ஈரம்கூடத் தெரியாது. நள்ளிரவில் சாக்கடையில் தெளிந்த நீர் ஓடினால், அது சேரும் இடத்திலேயே பிடித்து, குடிநீரில் கலக்கும் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்பில் சோதியுங்கள். மஞ்சளானால் நம் தண்ணீர்தான். மஞ்சளாகாவிட்டால் முடிவுக்கு வராதீர்கள். சாக்கடை அழுக்கு குளோரினைத் தின்றிருக்கலாம்.

களவு இணைப்புகளுக்கு மண்வெட்டி தேவையில்லை. அதே பகுதியின் சொத்துவரிப் பட்டியலையும் குடிநீர் இணைப்புப் பதிவேட்டையும் கதவு எண் வாரியாக ஒப்பிடுங்கள். வரிப் பட்டியலில் 640 வீடு, பதிவேட்டில் 500 என்றால், மிச்சம் 140 வீட்டுக்கு மட்டும் பில் கலெக்டரும் ஃபிட்டரும் சேர்ந்து போகட்டும். சில பூட்டிய வீடு, சில போர்வெல் மட்டும் உள்ள வீடு. 80 வீட்டில் பதியாத குழாய் இருந்தால், முறைப்படுத்தியதும் மாதம் 12,000 ரூபாய் வரும். துண்டிப்போம் என்ற மிரட்டலைவிட, வைப்புத்தொகையைத் தவணையில் கட்டலாம் என்ற அறிவிப்பு அதிகம் பேரை வரவழைக்கும்.

கசிவை அடைத்தால் மிச்சமாவது தண்ணீர் வாங்கும் செலவு. கிலோலிட்டர் 15 ரூபாய் என்றால், 34,500 லிட்டருக்கு மாதம் அதிகபட்சம் 15,500 ரூபாய், அதுவும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வாங்கும் அளவை நீங்கள் குறைத்தால்தான். களவு இணைப்பு வருவாயோ செலவில்லாமல் வருகிறது. அதனால் அதை முதலில் முடித்து, அந்தப் பணத்தில் ஃபெரூல்களை மாற்றுங்கள்.

வீட்டு மீட்டர் கடைசி. மாதம் 150 என்று ஒரே கட்டணம் இருக்கும்வரை மீட்டர் ஒரு ரூபாயும் கூட்டித் தராது. போதாததற்கு, 3 மணி நேர விநியோகத்தில் குழாய் நிரம்பும்போது முதலில் வரும் காற்றும் மீட்டரைச் சுற்றிவிடும். சம்ப் நிரம்பும் தறுவாயில் மிதவை வால்வு வழியே மெல்ல ஒழுகும் நீரை அதே மீட்டர் பதியாது. மீட்டருக்கென ஒதுக்கிய நிதியில் ஒவ்வொரு தொட்டியின் வெளிவழியிலும், அதிலிருந்து போகும் நீர் முழுவதையும் அளக்கும் ஒரு மொத்த மீட்டர் போடுங்கள். வளைவுக்கோ வால்வுக்கோ ஒட்டிப் பொருத்தினால் பிழையான அளவு காட்டும். முன்னும் பின்னும் எவ்வளவு நேர்க்குழாய் வேண்டும் என்பது தயாரிப்பாளர் தரும் தாளில் இருக்கும்.