நவகிரகப் பேக்கேஜ் பக்கத்தில் மதிய நடையும் மொத்தத் தொகையும்

கேள்வி: கும்பகோணத்தில் டாக்ஸி, டூர் நடத்துகிறோம். வெப்சைட்டில் பேக்கேஜ், விலை, விசாரணை பட்டன் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் போன் செய்து "எவ்வளவு ஆகும், எத்தனை கோயில்" என்றே கேட்கிறார்கள். பக்கத்தில் என்ன குறை?

பதில்:

நானும் இதே ஊரில் மூன்று வண்டிகளை ஓட்டுகிறேன். நம் ஊரில் அதிகம் விற்பது ஒரு நாள் நவகிரகப் பயணம் என்பதால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் பழைய பக்கத்தில் "ஒரே நாளில் 9 கோயில்கள், ரூ.3,500 முதல்" என்றும், கீழே ஒன்பது பெயர்களும் மட்டுமே இருந்தன. அதை நம்பி சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் ரயிலிலிருந்து இறங்கி, குளித்து, டிபன் சாப்பிட்டு, எட்டரை மணிக்கு வண்டியில் ஏறினார்கள். கஞ்சனூரை அடைந்தபோது நடை சாத்தியிருந்தது. நான்கு மணி வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஆறு கோயில்களோடு திரும்பினார்கள். டிரைவர் மீது தவறு இல்லை. தவறு பக்கத்தை எழுதிய என்னுடையது. டெல்டாவில் பெரும்பாலான கோயில்களின் நடை மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே பயணத் திட்டம் என்பது கோயில் பெயர்களின் வரிசை அன்று. நடை சாத்துவதற்கு முன் எத்தனை கோயில்கள், திறந்த பின் எத்தனை என்ற கணக்கு.

இப்போது என் பக்கத்தில் அது இப்படி இருக்கிறது. கும்பகோணத்தில் காலை 5 மணிக்குப் புறப்பாடு. முதலில் மேற்கே திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூர், பிறகு ஆலங்குடி, ஒன்பது மணியளவில் திருநாகேஸ்வரம், பத்து மணிக்குச் சூரியனார்கோயில், அதற்கு மிக அருகிலேயே கஞ்சனூர், பன்னிரண்டு மணிக்குள் வைத்தீஸ்வரன்கோயில். ஆறு கோயில்கள் காலையிலேயே முடிந்துவிடுகின்றன. சாப்பாடும் ஓய்வும் அங்கேயே. மூன்றரை மணிக்குப் புறப்பட்டால் நான்கு மணிக்கு நடை திறக்கும்போது திருவெண்காட்டில் நிற்கலாம். அடுத்து கீழப்பெரும்பள்ளம், ஆறரை மணியளவில் திருநள்ளாறு, இரவு ஒன்பதை ஒட்டிக் கும்பகோணம். "மதியம் 12:30 முதல் 3:30 வரை சாப்பாடு, ஓய்வு, இந்த நேரத்தில் கோயில்கள் திறந்திருக்காது" என்ற வரியைத் தனியே, மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறேன். அந்த வரி வந்த பிறகு "கொஞ்சம் லேட்டாகக் கிளம்பலாமா" என்ற கேள்வி ஏறக்குறைய நின்றுவிட்டது.

கிழமையையும் சொல்லிவிட வேண்டும். வியாழனில் ஆலங்குடியிலும் சனியில் திருநள்ளாற்றிலும் வரிசை நீளும் என்பதால், அந்த நாள்களில் ஒரு நாள் திட்டத்துக்கு நான் உறுதி கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு வரை. அந்த நேரத்துப் பாலாபிஷேகத்தைத் திருநாகேஸ்வரத்தில் பார்க்க விரும்புகிறவர், மேலே சொன்ன வழியில் அப்போது கீழப்பெரும்பள்ளத்துப் பக்கம் இருப்பார். அவருக்குரியது இரண்டு நாள் பேக்கேஜ் என்று பக்கமே சொல்லிவிட வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு டிரைவர் சொல்லக் கூடாது.

விலையைப் பொறுத்தவரை, போனில் "எவ்வளவு" என்று கேட்கிறவர் விலையைப் பார்க்காமல் கேட்கவில்லை. பார்த்த விலையை நம்பாமல் கேட்கிறார். "முதல்" என்ற ஒரு சொல் போதும், பேட்டா, பார்க்கிங், பெர்மிட் என்று பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அவருக்குத் தோன்றிவிடும். வழக்கமாக அது வரவும் செய்கிறது. திருநள்ளாறு புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில் இருப்பதால், அனைத்திந்திய சுற்றுலா பெர்மிட் இல்லாத தமிழ்நாட்டு டாக்ஸிக்குத் தனியே பெர்மிட் எடுக்க வேண்டும்; அந்தத் தொகையைக் கடைசி நேரத்தில் கேட்டால் சண்டை வராமல் இருக்காது.

என் கணக்கைத் திறந்தே சொல்கிறேன். இந்தச் சுற்று ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். செடான் வண்டிக்கு நான் வைத்திருக்கும் கட்டணம் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், ஆக 3,640. டிரைவர் பேட்டா 500, பார்க்கிங்குக்கு 160. மொத்தம் 4,300. பக்கத்தில் இந்த ஒரு தொகைதான் பெரிதாக இருக்கிறது, அதற்குக் கீழே "பேட்டா, பார்க்கிங், காரைக்கால் பெர்மிட் அடக்கம், சாப்பாடு, அர்ச்சனை, தரிசனக் கட்டணம் அடங்காது, 280 கிலோமீட்டரைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு ரூ.14" என்று இரண்டே வரிகள். என் வண்டிகளுக்குச் சுற்றுலா பெர்மிட் இருப்பதால் அந்தச் செலவு தனியே வரவில்லை; உங்களுடையதற்கு இல்லையென்றால் அதையும் உள்ளே சேர்த்துவிட்டே விலையைப் போடுங்கள்.

ஏறும் இடம் மாறினால் விலையும் மாறும் என்பதையும் எழுத வேண்டும். தஞ்சாவூரில் ஏறி அங்கேயே இறங்குகிறவர், "திங்களூர் எங்களுக்குப் பக்கம்தானே, ஏன் கூடுதல்" என்று நியாயமாகத்தான் கேட்பார். காலையில் காலியாகத் தஞ்சாவூர் போக 40 கிலோமீட்டர், அங்கிருந்து திங்களூர் கிட்டத்தட்ட 18. கும்பகோணத்திலிருந்து நேரே போயிருந்தால் 33. ஆகக் காலையில் 25 கூடுதல். இரவில் கும்பகோணத்தைத் தாண்டித் தஞ்சாவூர் போய் அவரை இறக்கிவிட்டு ஷெட்டுக்குத் திரும்ப, போக வர 80. மொத்தம் 105 கிலோமீட்டர், 1,470 ரூபாய். "தஞ்சாவூரிலிருந்து ரூ.5,770" என்று இன்னொரு வரியாகவே போட்டுவிட்டால் இந்த விளக்கத்தைப் போனில் சொல்ல வேண்டியதில்லை.

பட்டனுக்கு வருகிறேன். பெயர், இமெயில், செய்தி என்று ஆறு கட்டங்கள் கொண்ட படிவத்தை வயலோரச் சாலையில் பஸ்ஸில் போகிறவர் நிரப்பமாட்டார். நிரப்பினாலும் அந்த மெயிலை நாம் மறுநாள்தான் பார்ப்போம். வாட்ஸப்பைத் திறக்கும் ஒரு இணைப்பு போதும். ஆனால் வெறும் இணைப்பாக வைத்தால் "ஹாய்" என்று மட்டுமே வரும். எந்தப் பேக்கேஜ் என்பதும், நமக்குத் தேவையான மூன்று விவரங்களும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்:

```html
<a href="https://wa.me/91XXXXXXXXXX?text=நவகிரகம்%201%20நாள்%0Aதேதி:%0Aஆட்கள்:%0Aஏறும்%20இடம்:">தேதி சொல்லி விசாரிக்க</a>
```

எண்ணுக்கு முன் கூட்டல் குறியோ சுழியமோ கூடாது. நாட்டு எண் 91-உடன் தொடங்க வேண்டும். `%20` இடைவெளி, `%0A` அடுத்த வரி. ஒவ்வொரு பேக்கேஜ் பக்கத்திலும் முதல் வரியை மட்டும் மாற்றுங்கள். நவகிரகப் பக்கத்தில் அழுத்தியவருக்கு வேளாங்கண்ணி விலையை அனுப்பும் குழப்பம் வராது. தேதி வந்தவுடன் கிழமையைப் பாருங்கள். சனி என்றால் பதிலின் முதல் வரியே திருநள்ளாற்றுக் கூட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும். ஆட்கள் ஐந்து என்றால் செடானில் இடமில்லை. இன்னோவாவின் தொகையை அனுப்புங்கள்.

பட்டனை விலைக்கு நேர் கீழே ஒன்றும், பயணத் திட்டம் முடியும் இடத்தில் இன்னொன்றும் வைத்தால் போதும். விலைக்குப் பக்கத்தில் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுதிவிடுங்கள். நான் எழுதிவிட்டு மறந்து, பொங்கல் வரை செல்லும் என்ற வரி சித்திரை வரை கிடந்தது. அதைப் படம் பிடித்து அனுப்பிய ஒருவருக்குப் பழைய விலைக்கே வண்டி அனுப்பினேன்.