முதுகெலும்பு நழுவல்: கிரேடு 1 என்றால் ஆபரேஷன் வேண்டுமா?

"ஸ்கேனில் முதுகெலும்பு நழுவியிருக்கு, கிரேடு 1 என்கிறார்கள். ஆபரேஷன் செய்தே ஆகணுமா?"

பெரும்பாலும் தேவைப்படாது. அடுக்கிய செங்கற்களில் ஒன்று முன்னால் தள்ளி நிற்பது மாதிரி, ஒரு முதுகெலும்பு கீழுள்ளதன்மேல் முன்னோக்கி நகர்வதுதான் ஸ்பாண்டிலோலிஸ்தசிஸ். கீழெலும்பின் மேற்பரப்பில் கால் பங்கு வரை நகர்ந்தால் கிரேடு 1, அரை வரை 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. மேற்பரப்பு 36 மி.மீ., நகர்வு 7 மி.மீ. என்றால் சுமார் 19 சதவீதம், அதாவது கிரேடு 1.

ஆனால் கிரேடு மட்டும் முடிவைச் சொல்லாது, காரணமும் முக்கியம். இளம் வயதில் முதுகை அடிக்கடி பின்னால் வளைக்கும் விளையாட்டுகளால் எலும்பின் பின்வளைவில் விரிசல் விழுகிறது. அந்த எலும்பின் முன்பகுதி மட்டும் முன்னே போக, வளைவு பின்னாலேயே தங்குவதால் நரம்புக்குழாய் பொதுவாகக் குறுகாது. ஐம்பது வயதுக்கு மேல் வருவது தேய்மானம். அதில் வளைவும் சேர்ந்தே நகர்வதால், சிறிய நழுவலும் குழாயை நெருக்கும். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும்.

முதலில் சில மாதங்கள் வயிறு, முதுகுத் தசைப் பயிற்சியும் வலி மருந்தும். அப்புறமும் கால்வலி முடக்கினாலோ, கால் பலவீனம் கூடினாலோ, நழுவல் வளர்ந்தாலோ எலும்புகளை இணைக்கும் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். சிறுநீர் கட்டுப்பாடு போனால் அன்றே மருத்துவமனை.

பயிற்சி எலும்பைப் பழைய இடத்துக்குத் தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள்; எலும்பு அங்கேயேதான் இருக்கும், வலிதான் குறையும்.