நூற்றுக்கு ஒருவர் என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை

அன்புள்ள ஐயா,

புற்றுநோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காக, வலி நிவாரணம் குறித்துத் தமிழில் ஒரு சிறுநூல் எழுதி முடித்திருக்கிறேன். உசாத்துணைப் பட்டியலில் 84 பதிவுகள் உள்ளன. உண்மையைச் சொன்னால், அவற்றில் பலவற்றைப் பிற நூல்களின் பட்டியல்களிலிருந்தே எடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் இவற்றைச் சரிபார்க்க நல்ல மென்பொருள் உண்டா? பத்தாண்டுகளுக்கு முந்தையவற்றை நீக்கிவிட்டால் போதுமா? கைப்பிரதியையும் பட்டியலையும் இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவன் 37ஆம் எண்ணில் நின்றுவிட்டேன். போர்ட்டர், ஜிக் இருவரும் எழுதி 1980 ஜனவரி 10ஆம் தேதி ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், 302ஆம் தொகுதியின் 123ஆம் பக்கத்தில் வெளிவந்தது அது. அதைச் சான்றாகக் காட்டி, “வலிக்காக நீண்ட காலம் மார்பின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களே அவற்றுக்கு அடிமையாகிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு நிறுவியுள்ளது” என எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

அது ஆய்வுக் கட்டுரையே அன்று. ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதம், மொத்தம் ஐந்து வாக்கியம். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்த 39,946 நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்ததாகவும், அவர்களில் 11,882 பேருக்கு இவ்வகை மருந்து ஒரு முறையேனும் தரப்பட்டதாகவும், முன்பு இத்தகைய பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர் மட்டுமே அடிமையானதாக ஓரளவு நன்கு பதிவாகியிருப்பதாகவும் அது சொல்கிறது. உங்கள் வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பாருங்கள். “நீண்ட காலம்” என்பதற்கு அங்கே ஆதாரம் இல்லை. ஒரே ஓர் ஊசி போட்டுக்கொண்டவரும் அந்த 11,882 பேரில் அடக்கம். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. மருத்துவமனைப் படுக்கையில், செவிலியர் கையால் மருந்து வாங்கியவர்களைப் பற்றியதே அது. வீடு திரும்பியபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்த்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. “நூற்றுக்கு ஒருவர்” என்ற விகிதம் கடிதத்தில் எங்கும் இல்லை. பின்னால் வந்த யாரோ நான்கைப் பதினோராயிரத்துச் சொச்சத்தால் வகுத்துப் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும். “பெரிய ஆய்வு” என்ற அடைமொழியும் அப்படிக் கைமாறி வந்ததுதான்.

மென்பொருளைப் பற்றிக் கேட்டீர்கள். ஜோட்டெரோ போன்றவை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பட்டியலில் இருந்தால் எச்சரிக்கும், பயன்படுத்துங்கள், நல்லதுதான். ஆனால் 37ஆம் எண்ணை அது தாராளமாகக் கடந்துபோக விடும். அந்தக் கடிதம் ஒருபோதும் திரும்பப் பெறப்படவில்லை. இதழ் உலகப் புகழ் பெற்றது, எழுதியவர்கள் உண்மையானவர்கள், தொகுதி எண்ணும் பக்க எண்ணும் சரி. அது சொன்னதும் பொய்யில்லை. அது சொன்னதற்கும் நீங்கள் சொல்வதற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பிழை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மனிதர் படித்தாலொழிய அது தெரியவராது.

இதை உங்களிடம் இத்தனை கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் என் அத்தை. பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் புற்றுநோய் எலும்பில் பரவியிருந்தது. மருத்துவர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தும், “சாகிற காலத்தில் போதைக்கு அடிமையாகிவிட்டாள் என்று ஊர் பேசவா?” என்று கேட்டு, சீட்டைத் தலையணைக்கு அடியில் மடித்து வைத்துவிட்டார். நான் ஒரு பத்திரிகைத் துணுக்கை வெட்டிக்கொண்டுபோய், நூற்றுக்கு ஒருவர்கூட அடிமையாவதில்லை, அமெரிக்காவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினேன். அத்தை நம்பினார். மருந்தைச் சாப்பிட்டார். கடைசி ஐந்து வாரம் உறங்கினார், பேரப்பிள்ளைகளோடு பேசினார். அந்தத் துணுக்கின் வேர் இந்த ஐந்து வாக்கியம் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. நான் சொன்ன முடிவு அத்தைக்கு நன்மை செய்தது. சொன்ன ஆதாரம் அந்த முடிவைத் தாங்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

வேறொரு நாட்டில் அதே வாக்கியம் என்ன செய்தது என்று பாருங்கள். 1996இல் மார்பின் வகையைச் சேர்ந்த ஆக்சிகான்டின் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தபின், முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் இவ்வகை மருந்து எழுதலாம் என்பதற்குச் சான்றாக இக்கடிதம் அடுக்கடுக்காகக் காட்டப்பட்டது. 2017இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் சிலர், இதை மேற்கோள் காட்டிய 608 எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். அவற்றில் 439, அடிமையாதல் அரிது என்பதற்கு இதைச் சான்றாக்கியிருந்தன. 491, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. அந்த ஆய்வு வெளியான பிறகே, கடிதம் விமர்சனமின்றி மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்ற எச்சரிக்கைக் குறிப்பை இதழ் அதனோடு இணைத்தது. 37 ஆண்டுகள், தம்பி! ஐந்து வாக்கியத்தைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

பத்தாண்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். அதை வைத்து எதையும் நீக்க வேண்டாம். ஒரு சான்று காலாவதியாவது அதே பொருளில் அதனிடத்தை வேறொன்று எடுத்துக்கொள்ளும்போதுதான். உங்கள் 12ஆம் எண் உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி நூல். அதே நிறுவனம் 2018இல் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. எந்த மருந்தை எப்போது தொடங்குவது என்று நீங்கள் எழுதும் இடங்களில் அதையே பார்த்து எழுத வேண்டும். வலி நிவாரணக் கொள்கையின் வரலாற்றைச் சொல்லும் உங்கள் இரண்டாம் இயலில் 1986 நூல் அப்படியே இருக்கட்டும், அங்கே அதுதான் சரியான சான்று.

இனிச் செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டில் இடப்பக்கம் உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள். மூலத்தைத் திறந்து, அதைத் தாங்கும் வாக்கியத்தைக் கண்டுபிடித்து, பக்க எண்ணோடு வலப்பக்கம் எழுதுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். யாரைப் பற்றி, எங்கே, எத்தனை காலம், எதை அளந்தார்கள் என்ற நான்கும் இருபுறமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். “எதை அளந்தார்கள்” என்பதில் உங்கள் துறையில் சறுக்கல் அதிகம்: மருந்துக்கு உடல் பழகிப்போய், திடீரென நிறுத்தினால் வேர்த்து நடுங்குவது ஒன்று, தீங்கு தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவது வேறொன்று. முன்னதை அளந்த கட்டுரையைப் பின்னதற்குச் சான்றாக்கக் கூடாது. வலப்பக்கம் காலியாக நின்றால், உங்கள் வாக்கியத்தைச் சுருக்குங்கள், அல்லது அடித்துவிடுங்கள். மூலம் கைக்குக் கிடைக்காவிட்டால், நீங்கள் உண்மையில் படித்த நூலின் பெயரைப் போட்டு, அதில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

37ஆம் எண் உள்ள இடத்தில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் எழுத முடியும்: “மருத்துவமனையில் தங்கியிருந்தபோது இவ்வகை மருந்து ஒரு முறையேனும் பெற்ற 11,882 பேரின் பதிவேடுகளில், முன்பு இத்தகைய பழக்கம் இல்லாதவர்களில் அடிமையானதாக நான்கு பேரே ஓரளவு நன்கு பதிவாகியிருந்தனர்.” உங்கள் வாசகர், வீட்டில் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளோ மருமகளோ. அவருக்கு இந்த வாக்கியத்தால் பயனில்லை. ஆகவே அதை எடுத்துவிட்டு, புற்றுநோய் வலிக்கு மார்பின் தருவது பற்றி 2018 வழிகாட்டுதல் சொல்வதைப் படித்து அந்தப் பத்தியைப் புதிதாக எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். எஞ்சிய 83 பதிவுகளுக்கும் நோட்டு தயாரானபின் அச்சகத்துக்குக் கொடுத்தால் போதும்.