குறிப்புகள் குவிந்து கிடக்கின்றன, கட்டுரை எங்கே? (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, பள்ளி காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டுமா என்று 800 சொல்லில் எழுத வேண்டும். ஒரு வாரமாகத் தோன்றியதையெல்லாம் எழுதி வைத்தேன், எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை. என் குறிப்புகள்: முதல் வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். பதின்ம வயதில் தூக்கம் வருவதே தாமதம். 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் போதாவிட்டால் மறதி, எரிச்சல். காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறோம். என் நண்பன் கணக்குத் தேர்வில் விடைத்தாள் மேலேயே தூங்கிவிட்டான். கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. சியாட்டிலில் ஆராய்ச்சி செய்தார்கள். பெற்றோர் வேலைக்குப் போகும் நேரம் இடிக்கும். மாலை விளையாட்டுப் பயிற்சி கெடும். போன் பார்ப்பதால்தான் தூங்குவதில்லை என்பார்கள். மின்விளக்கு வந்த பிறகுதான் மனிதர்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள்.

பதில்: வரிசையை இப்போதைக்கு மறந்துவிடு, தம்பி. எல்லாரும் இங்கேதான் சிக்குகிறார்கள், எது முதல் எது இரண்டாவது என்று குறிப்புகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே ஒரு மாலை போய்விடும். முதலில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில், அது கட்டுரையில் என்ன வேலை செய்யப்போகிறது என்று ஒரே ஒரு சொல் எழுது. காரணம், விளைவு, சான்று, எதிர்ப்பு, கதை, இந்த ஐந்து போதும்.

உன் பட்டியலை அப்படிப் பார்த்தால், தூக்கம் தாமதமாக வருவது காரணம். தூங்கி வழிவது, மறதி, எரிச்சல் எல்லாம் விளைவு. கலிபோர்னியாவும் சியாட்டிலும் சான்று. பெற்றோர், விளையாட்டு, போன் மூன்றும் உனக்கு எதிராகப் பேசுகிறவர் சொல்லப்போவது. நண்பன் விஷயம் கதை. 8 முதல் 10 மணி நேரம் என்பது தனியாக நிற்காது, காரணத்தோடு ஒட்டினால்தான் அதற்கு வேலை. காலைச் சாப்பாடு விளைவு மாதிரித் தெரிகிறது, ஆனால் அது தூக்கத்தால் வந்ததல்ல, அவசரத்தால் வந்தது, அதை இழுத்தால் கட்டுரை வேறு பக்கம் போகும். மின்விளக்குக்குச் சொல்லே கிடைக்கவில்லை பார், நல்ல தகவல்தான், இந்தக் கட்டுரையில் அதற்கு வேலை இல்லை. இரண்டையும் தனித்தாளில் எழுதி ஓரமாக வை. அழிக்கச் சொன்னால் மனசு வராது, ஓரமாக வைக்கச் சொன்னால் வரும்.

இனி மையக் கருத்து. "பள்ளி தாமதமாகத் தொடங்குவது நல்லது" என்றுதான் முதலில் எழுதத் தோன்றும். யாருக்கு, எத்தனை மணிக்கு, ஏன் என்று எதுவுமே அதில் இல்லை. உன் குறிப்புகளில் எதை வேண்டுமானாலும் அதற்குக் கீழே தள்ளலாம், அதுதான் அந்த வாக்கியத்தின் கோளாறு. இப்படி மாற்றிப் பார்: "பதின்ம வயதில் உடல் கடிகாரமே பின்னுக்குத் தள்ளி ஓடுவதால், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது." இப்போது ஒருவர் எழுந்து "இல்லை" என்று சொல்ல முடியும். சொல்ல முடிந்தால்தான் அது மையக் கருத்து. 8:30 என்பதை நானாக இழுத்து வரவில்லை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் பரிந்துரைத்த நேரம் அது. கலிபோர்னியாவில் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதே நேரத்தைத்தான் வைத்தது.

கேள்வி: மையக் கருத்து வாக்கியத்திலேயே மூன்று காரணங்களையும் அடுக்கிவிட வேண்டும், ஒரு காரணத்துக்கு ஒரு பத்தி, அவ்வளவுதானே? எங்கள் ஆசிரியர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் எளிய விஷயத்தைச் சிக்கலாக்குகிறீர்கள்.

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது தவறில்லை, ஒன்றையொன்று சாராத மூன்று காரணங்கள் இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும். நூலகம் ஏன் வேண்டும் என்றால் அமைதி, புத்தகம், இணைய வசதி என்று எந்த வரிசையிலும் சொல்லலாம். தம்பியின் தலைப்பு அப்படிப்பட்டதல்ல. அவனுடைய குறிப்புகள் சங்கிலி மாதிரி, உடல் கடிகாரம் தள்ளிப்போவதால் தூக்கம் குறைகிறது, தூக்கம் குறைவதால் வகுப்பில் மூளை ஓடுவதில்லை, நேரத்தை மாற்றிய இடத்தில் தூக்கம் கூடியிருக்கிறது. இதைப் போய் "உடல்நலம், படிப்பு, மனநிலை" என்று மூன்று பெட்டிகளாக வெட்டினால் ஒரே தூக்கத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும்.

எதில் எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்களிடம் இருப்பது பட்டியல், எது வலுவானதோ அதைக் கடைசியில் வைத்துவிட்டுப் போகலாம். மாற்றியதும் "இவன் எதைப் பற்றிப் பேசுகிறான்" என்று படிப்பவர் முழித்தால் அது சங்கிலி, வரிசையை அதுவே சொல்லிவிடும். தம்பிக்கு வரும் சட்டகம் ஏறக்குறைய இது:

முன்னுரை: தேர்வில் தூங்கிய நண்பன், கடைசி வரியில் மையக் கருத்து. (100 சொல்)
பத்தி 1: பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகிறது, சோம்பேறித்தனம் அல்ல. 8 முதல் 10 மணி நேரக் கணக்கு இங்கே. (180)
பத்தி 2: அந்தக் குறைத் தூக்கத்தோடு முதல் வகுப்பில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது. (180)
பத்தி 3: நேரத்தை மாற்றிப் பார்த்த இடத்தில் என்ன நடந்தது. (140)
பத்தி 4: எதிர்ப்பும் அதற்கு மறுமொழியும். (120)
முடிவுரை. (80)

மொத்தம் 800. சொல் கணக்கை இப்போதே எழுதச் சொல்வது எதற்கு என்றால், இல்லாவிட்டால் நண்பன் கதையே 300 சொல்லைத் தின்றுவிடும். நான் பார்த்த மாணவர் கட்டுரைகளில் பாதிக்கு மேல் முன்னுரைதான் வீங்கியிருக்கும்.

கேள்வி: சார், என் மகள் எட்டாம் வகுப்பு. "மறக்க முடியாத ஒரு நாள்" என்று எழுத வேண்டும். அவளையும் காரணம், விளைவு, எதிர்ப்பு என்று எழுத வைத்தேன், அழுதுவிட்டாள்.

பதில்: பாவம் குழந்தை. அவளுக்கு இது வேண்டாங்க. அவள் எழுதுவது நடந்ததைச் சொல்லும் கட்டுரை, அதில் யாரையும் எதற்கும் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியதில்லை. அந்த நாளில் எந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் மாறியது என்று மட்டும் கேளுங்கள், அதற்கு முன்னால் இரண்டு காட்சி, பின்னால் ஒரு காட்சி. அதுவே அவளுக்குச் சட்டகம்.

கேள்வி: பல வருடமாகக் கட்டுரை திருத்துகிறேன். எதிர்ப்பைக் கடைசிப் பத்தியில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் மனதில் "போனைக் கீழே வைத்தால் தூக்கம் வந்துவிட்டுப் போகிறது" என்ற எண்ணம் முதல் வரியிலேயே வந்துவிடும். நாலு பத்தி வரை அதைத் தொடாமல் இருந்தால், நடுவில் எழுதிய எதையும் அவர் நம்பிப் படிக்க மாட்டார்.

பதில்: நியாயமான பேச்சு, போன் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி என்றும் தோன்றுகிறது. எதிர்ப்புகள் எல்லாம் ஒரே வகையல்ல. போன் என்பது காரணத்தையே மறுக்கிற எதிர்ப்பு, அதனால் அது பத்தி 1க்குள்ளேயே வரட்டும்: போனும் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஆனால் போனை எடுத்துவிட்டாலும் பதின்ம வயதில் கடிகாரம் தள்ளித்தான் ஓடும் என்று இரண்டு வரி. பெற்றோர் வேலை நேரமும் விளையாட்டுப் பயிற்சியும் காரணத்தை மறுக்கவில்லை, "சரி, ஆனால் நடக்குமா" என்றுதான் கேட்கின்றன. அவற்றை நான் இன்னும் கடைசியில்தான் வைப்பேன், திட்டம் என்னவென்று தெரிவதற்கு முன்னால் அதன் சிரமத்தைப் பேசி என்ன பயன்? எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்பவர்களும் உண்டு, அப்படி எழுதி நன்றாக வந்த கட்டுரைகளையும் படித்திருக்கிறேன், அதனால் இதில் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அண்ணா, நான்தான் மறுபடி. பத்திகளின் முதல் வரிகளை எழுதிவிட்டேன். 1: "பதின்ம வயதினருக்குத் தூக்கம் தாமதமாகத்தான் வரும்." 2: "தூக்கமின்மை மாணவர்களைப் பாதிக்கிறது." 3: "சியாட்டிலில் ஒரு ஆராய்ச்சி நடந்தது." 4: "சிலர் இதை எதிர்க்கிறார்கள்." முடிவுரை: "ஆகவே பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும்."

பதில்: நான்கையும் தொடர்ந்து சத்தமாகப் படித்துப் பார். முதல் வரி ஒன்றைச் சொல்கிறது. மற்ற மூன்றும் தலைப்புகள், எதையும் சொல்லவில்லை. "ஒரு ஆராய்ச்சி நடந்தது", சரி, அப்புறம்? இந்த அப்புறம் வருகிற இடமெல்லாம் வரி இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள். 2 இப்படி ஆகலாம்: "அந்தத் தூக்கம் பாதியில் அறுபடுவதால் நாளின் முதல் பாடம் பலருக்கு நடந்ததாகவே இருப்பதில்லை." "அந்த" என்ற சொல் முந்தைய பத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது, கவனித்தாயா?

3ஐக் கொஞ்சம் நேர்மையாக எழுது. சியாட்டிலில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் 7:50லிருந்து 8:45க்கு மாறின, அதாவது 55 நிமிடம். மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்ததில் தூக்கம் கூடியது 34 நிமிடம், 2018இல் வெளிவந்த ஆய்வு அது. 55 முழுவதும் தூக்கமாக மாறவில்லை என்பதை நீயே சொல்லிவிடு. "நேரம் கொடுத்தால் வீணாக்குவார்கள்" என்பவர் அந்த 21 நிமிடத்தைப் பிடித்துக்கொள்வார், நீ முந்திக்கொண்டு சொன்னால் மிச்சம் 34 உன் கையில் இருக்கும். ஆக வரி: "நேரத்தை மாற்றிய சியாட்டிலில், கிடைத்த 55 நிமிடத்தில் பெரும்பகுதி தூக்கமாகவே மாறியது."

4க்கு நான் எழுதித் தரப்போவதில்லை. யார் எதிர்க்கிறார்கள், எதனால் என்பதை அந்த வரிக்குள்ளேயே கொண்டு வா.

முடிவுரையில் நீ எழுதியிருப்பது மையக் கருத்தேதான், அதுவும் 8:30ஐ இழந்த மெலிந்த வடிவம். படித்தவர் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதைப் பார்த்தார். முன்னுரையில் விட்டுவந்த நண்பனிடம் திரும்பிப் போ. அங்கே அவன் தூங்கியது அவனுடைய தப்பு மாதிரி இருந்தது. நான்கு பத்திக்குப் பிறகு அதே விடைத்தாளைப் பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றக் கூடாது. தேர்வு எத்தனை மணிக்குத் தொடங்கியது, அந்த நேரத்தில் அவன் உடல் எந்த நிலையில் இருந்திருக்கும், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். புதிய சான்று எதையும் அங்கே கொண்டுவராதே, குறிப்பாக அந்த மின்விளக்கை. கடைசியில் அதைச் செருகப் பார்ப்பாய் என்று தெரியும்.

கேள்வி: தேர்வில் 40 நிமிடம்தான். இதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: முழுசாக நடக்காது. 6 நிமிடம் ஒதுக்குங்கள், அதில் இரண்டு நிமிடம் கொட்டுவதற்கு, ஒரு நிமிடம் வேலைச் சொல் எழுத, கா, வி, சா என்று ஒற்றை எழுத்தே போதும், மிச்ச மூன்றும் மையக் கருத்துக்கும் பத்திகளின் முதல் வரிகளுக்கும். நேரம் போதாமல் ஒரு பத்தியை விட வேண்டி வந்தால் விளைவுப் பத்தியைச் சுருக்குங்கள், தூங்காவிட்டால் என்ன ஆகும் என்பது திருத்துகிறவருக்கே தெரியும்.