பேப்பர் டிரேடிங்கில் லாபம், நிஜத்தில் நஷ்டம்: கேள்வி பதில்

கேள்வி: சார், சேமிப்பு 50,000 ரூபாய் இருக்கு. அதைத் தொடாம இன்ட்ராடே கத்துக்கணும். நிஜப் பணம் போடாம பழகுற டிரேடிங்வியூ பேப்பர் டிரேடிங் கணக்குல 1 லட்சம் டாலர் காட்டுது. அப்படியே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். கணக்கை ரீசெட் செய்து, தொடக்கத் தொகையாக உங்களிடம் உள்ள 50,000-ஐயே போடுங்கள். பெரிய தொகையில் ஆயிரம் பங்கு வாங்கிப் பழகினால், பிறகு 60 பங்கில் எப்படி நிற்பது என்றே தெரியாது.

ஒரு டிரேடில் போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை முதலில் முடிவு செய்யுங்கள். உங்களுக்கு 500 ரூபாய், அதாவது ஒரு சதவீதம், போதும். பங்கு 500 ரூபாய்க்குப் போகிறது, நஷ்டத்தோடு வெளியேறும் விலையான ஸ்டாப்லாஸ் 492 என்றால் ஒரு பங்குக்கு ரிஸ்க் 8 ரூபாய். 500-ஐ 8 ஆல் வகுத்தால் 62 பங்கு. அதற்கு 31,000 ரூபாய் போதும், புரோக்கர் கடனாகத் தரும் லெவரேஜ் தேவையில்லை. ஏன் வாங்குகிறீர்கள், எங்கே வெளியேறுவீர்கள் என்பதை ஆர்டர் போடும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனம் காரணத்தை மாற்றிச் சொல்லும்.

கேள்வி: நானும் இதே 62 பங்கு கணக்குதான் போடுறேன். டார்கெட் 10 ரூபாய், ஸ்டாப்லாஸ் 8 ரூபாய். 20 டிரேடுல 10 ஜெயிச்சேன், கணக்கு லாபம் காட்டுது. முறை சரிதானே? புரோக்கரேஜ் எல்லாம் சில்லறைக் காசுதானே?

ஒரு டிரேடுக்குப் பார்த்தால் சில்லறைதான். ஜெயித்த பத்தில் 6,200, தோற்ற பத்தில் 4,960. திரை காட்டும் லாபம் 1,240.

இப்போது நிஜச் செலவு. புரோக்கரேஜ் 0.03 சதவீதம் என்று வைத்தால் வாங்க, விற்க சுமார் 19 ரூபாய். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.025 சதவீதம், ஏறக்குறைய 8 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டூட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் ஒரு டிரேடுக்கு 33 ரூபாய் ஆகிவிடும். 20 டிரேடுக்கு 660. அடுத்தது ஸ்லிப்பேஜ், அதாவது நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். கிடைக்கிற விலைக்கே நிறைவேறும் மார்க்கெட் ஆர்டரில் வாங்கும்போது 50 பைசா, விற்கும்போது 50 பைசா விட்டாலே டிரேடுக்கு 62 ரூபாய், 20 டிரேடுக்கு 1,240. திரையில் கண்ட லாபம் முழுவதும் அதிலேயே கரைந்து, 660 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறீர்கள்.

இந்த முறையில் 20-க்கு 11 ஜெயித்தால்தான் கையில் ஏதாவது மிஞ்சும். அந்த ஒரு டிரேடு வித்தியாசம் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், அதனால் 100 டிரேடாவது பதிவு செய்யுங்கள். செட்டிங்கில் கமிஷன் போட இடம் இருக்கிறது. ஸ்லிப்பேஜை நோட்டில் நீங்களே கழிக்க வேண்டும்.

கேள்வி: லிமிட் ஆர்டர் போட்டா ஸ்லிப்பேஜே வராதே?

விலை தவறாது, உண்மை. ஆனால் ஆர்டர் நிறைவேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என்எஸ்இ-யில் ஒரே விலைக்கு யார் முதலில் போட்டார்களோ அவருக்கே முதலில் கிடைக்கும். 500-ல் வாங்க நீங்கள் நிற்கிறீர்கள், உங்களுக்கு முன்னால் பத்தாயிரம் பங்குக்கு ஆள் நிற்கிறார்கள். விலை 500-ஐத் தொட்டுத் திரும்பினால் உங்கள் முறையே வராது. பேப்பர் கணக்கோ தொட்டவுடன் வாங்கிவிட்டதாகக் காட்டும். அப்படித் தொட்டுத் திரும்புவதுதான் நல்ல லாபம் தரும் டிரேடு, அதனால் பொய்க்கணக்கு அங்கேதான் அதிகம் சேரும். விலை 500-க்குக் கீழே ஒரு டிக்காவது போயிருந்தால் மட்டும் அந்த டிரேடை எண்ணுங்கள்.

கேள்வி: எனக்கு டெலிகிராம்ல ஒரு ஆப் குடுத்தாங்க. விர்ச்சுவல் பணத்துல 3 லட்சம் லாபம் வந்திருக்கு. எடுக்கணும்னா 12,000 வரி கட்டணுமாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். பயிற்சிக் கணக்கில் வரும் லாபம் வெறும் எண். அதை எடுக்க வழி இருக்கிறது என்று எவன் சொன்னாலும் அது மோசடி. ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், cybercrime.gov.in-லும் புகார் கொடுங்கள். பங்கு விலையை வைத்து நடத்தும் அனுமதியில்லாத விர்ச்சுவல் டிரேடிங் தளங்கள் பற்றி செபி 2024 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

கேள்வி: பயமே இல்லாத பழக்கத்துல என்ன பிரயோஜனம்? நிஜத்துல 5 பங்கு வாங்கினாலே இதைவிட அதிகம் கத்துக்கலாமே?

பாதி ஒப்புக்கொள்கிறேன். நிஜப் பணம் கரையும்போது வரும் படபடப்பைப் பேப்பர் தராது. ஆனால் பொய்ப் பணத்திலேயே எத்தனை முறை ஸ்டாப்லாஸை 492-லிருந்து 488-க்கு இறக்கினீர்கள் என்று நோட்டைப் பாருங்கள். இங்கேயே இறக்குகிறவர் அங்கே கண்டிப்பாக இறக்குவார். அந்த எண் பூஜ்யத்துக்கு வந்தபின் 5 பங்குக்குப் போவது என் வழி. புரோக்கர் சதவீதத்தில் எடுக்கிறாரா, ஆர்டருக்கு 20 ரூபாய் நிலையாக எடுக்கிறாரா என்றும் பாருங்கள். நிலையாக எடுத்தால் 5 பங்கில் போக வர 40 ரூபாய் புரோக்கரேஜ், டார்கெட் லாபமோ 50 ரூபாய்.

மறுபடியும் அவரே: 40 ரூபாய் போனாலும் பரவாயில்ல சார், அந்தப் பயத்துக்கு அது ஃபீஸ்.

அப்படி நினைக்கும் அனுபவசாலிகளும் உண்டு. நான் இன்னும் நோட்டின் பக்கம்தான்.