இரவில் மட்டும் வேகம் குறையும் கேபிள் இணைப்பு

"கேபிள் இணையம் பகலில் 200 மெகாபிட், இரவு 9 மணிக்கு 30. ஃபைபரும் பலர் பகிர்வதுதானே, மாறினால் பயன் உண்டா?"

உண்டு. இரண்டும் பகிர்வுதான், ஆனால் அளவு வேறு. டாக்சிஸ் 3.0 என்ற தரமுறையில் இயங்கும் கேபிளில் ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் சேனல் சுமார் 38 மெகாபிட் தரும். 16 சேனல்களைச் சேர்த்தால் 600 அளவில் நிற்கும். அதை ஒரே நோடில், அதாவது ஒரு பகுதிக்கான பொது இணைப்பு மையத்தில், சேர்ந்துள்ள நூற்றுக்கணக்கான வீடுகள் பகிரக்கூடும். ஜிபான் என்ற தரமுறையில் இயங்கும் ஃபைபரில் ஏறத்தாழ 2,500 மெகாபிட்டைப் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளே பகிர்கின்றன. உங்கள் பகுதி நோடில் மாலை நெரிசல் என்றே நினைக்கிறேன்.

முதலில் இதை உறுதி செய்யுங்கள். வைஃபை வேண்டாம், கணினியை மோடத்தில் கம்பியால் இணைத்து மதியமும் இரவும் வேகத்தை அளவிடுங்கள். இரண்டு முறையும் `192.168.100.1` பக்கத்தைத் திறந்து (பல கேபிள் மோடங்களில் இதுதான் முகவரி) சமிக்ஞை இரைச்சலைவிட எவ்வளவு வலுவானது என்று காட்டும் `SNR`, திருத்த முடியாத பிழைகளை எண்ணும் `Uncorrectables` ஆகிய எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். `SNR` 33 டெசிபெலுக்கு மேல் நிலையாக இருந்து, பிழை எண்ணும் ஏறாமல், வேகம் மட்டும் விழுந்தால் அது நெரிசல். பிழைகள் வேகமாகக் கூடினால் தளர்ந்த இணைப்பியையோ பழுதான பிரிப்பானையோ தேடுங்கள். அதற்கு ஃபைபர் தேவையில்லை.

தொலைபேசிக் கம்பிக்குப் போகாதீர்கள். அந்தக் கம்பி உங்களுக்கு மட்டுமே உரியது என்றாலும் தூரம் அதன் வேகத்தைத் தின்றுவிடும். தொலைபேசிக் கம்பிவழி இணைய முறையான விடிஎஸ்எல் 300 மீட்டரில் 100 மெகாபிட் தரலாம். ஒன்றரை கிலோமீட்டரில் அதில் சிறு பங்குதான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: நெரிசல் நோடில் இல்லாமல் நிறுவனத்தை வெளி இணையத்தோடு சேர்க்கும் இணைப்பில் இருந்தால், அதே நிறுவனத்தின் ஃபைபரும் இரவில் திணறும். அந்த நிறுவனத்தின் ஃபைபர் வைத்திருக்கும் ஒருவரிடம் இரவு 9 மணி வேகத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.